முந்நூறு என்று எழுதியது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அந்தக் கோபத்தால் ஒரு மனிதனின் கடற்பிழைப்பு என்ன பாடு பட்டது என்று பார்த்த பிறகு, இப்போது அவர்கள் சொல்லும்போது வாயைத் திறப்பதில்லை.

திருகோணமலை டவுனில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ. கலியாணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் படம். திமிங்கிலம் வரும் மாதங்களில் மட்டும் விடியற்காலையில் உப்புவெளிக் கடற்கரைக்குப் போய், உல்லாசப் பயணிகளை ஏற்றும் வள்ளத்தில் நானும் ஏறிவிடுவேன். வழக்கமாக ஒரே ஓட்டியின் வள்ளம்தான். என்னை விடப் பத்து வயது மூத்தவர், அதிகம் கதைக்காதவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வள்ளத்தில் அவரோடு ஏறினால் எனக்குப் பயமே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

"தங்கச்சி, என்ட திமிங்கிலம் காட்டுற பெர்மிட்டைப் பறிக்கப் போறாங்களாம். நீங்கள் முகநூலில போட்ட படந்தான் காரணமாம்."

மூன்று கிழமைக்கு முந்திப் போட்ட படம். நீலத் திமிங்கிலம் ஒன்று முங்கும்போது வாலைத் தூக்கிய படம். ஊர் முழுக்க ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள். அதை யாரோ எடுத்து, வள்ளம் நூறு மீற்றருக்குள் போயிருக்கிறது என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் வள்ளம் போகக்கூடாது, அதுதான் சட்டம்.

"நீங்கள் போனனீங்களோ?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "ஆர் அந்த விசர்க் கதை கதைச்சது? வாங்கோ அண்ணை, இப்பவே போவம்" என்று ஸ்டூடியோவைப் பூட்டினேன்.

வனசீவராசிகள் கந்தோரில் இருந்த அதிகாரி கிண்ணியாக்காரர், மரியாதையான மனிதர். முறைப்பாட்டை மேசையில் விரித்துக் காட்டினார். என் படம் அச்சடித்து ஒட்டியிருந்தது. கீழே நான் எழுதியிருந்த லென்ஸ் இலக்கத்தைச் சிவப்புப் பேனையால் சுற்றியிருந்தார்: 300 மி.மீ.

"பாருங்க மிஸ். இந்தத் திமிங்கிலத்துட வால் அண்ணளவா ஆறு மீற்றர் அகலம் எண்டு எடுக்கிறம். படத்துட அகலத்தில அஞ்சில மூண்டு பங்கை வால் பிடிச்சிருக்கு. அப்ப படத்துக்குள்ள பத்து மீற்றர் அகலம் தெரியுது. கமராவுக்குள்ள படம் விழுற சென்சர் முப்பத்தாறு மில்லிமீற்றர் அகலம், லென்ஸ் முந்நூறு. பத்தை முந்நூறால பெருக்கி முப்பத்தாறால பிரிச்சா எண்பத்துமூண்டு மீற்றர்தான் வருது."

பரவாயில்லை, கணக்குத் தெரிந்த ஆள். ஆனால் நான் விடுவேனா! ஒரு வார்த்தையிலேயே ஓட்டையைப் பிடித்துவிட்டேன்.

"ஐயா, முப்பத்தாறு மில்லிமீற்றர் எண்டது ஃபுல் ஃப்ரேம் எண்ட பெரிய சென்சர். என்ட கமராவில இருக்கிறது சின்னச் சென்சர், இருபத்துநாலுதான். ஒரு சின்னச் சன்னல் வழியாப் பார்க்கிற மாதிரி. அதே லென்ஸைப் போட்டாலும் குறைஞ்ச இடந்தான் தெரியும், அதால கிட்ட நிண்டு எடுத்த மாதிரி இருக்கும். முப்பத்தாறை இருபத்துநாலால பிரிச்சா ஒண்டரை. அதுதான் என்ட கமராட குரொப் ஃபக்டர். லென்ஸ் இலக்கத்தை அதால பெருக்கினாத்தான் உங்கட ஃபுல் ஃப்ரேம் கணக்குக்குச் சரி வரும். முந்நூறு, என்ட கமராவில நானூற்றைம்பது!"

ஒரு தாளில் அதை எழுதியும் காட்டினேன். அவர் கல்குலேற்றரை எடுத்தார். நானூற்றைம்பது, பத்து, முப்பத்தாறு. நூற்றிருபத்தைந்து மீற்றர் வந்தது.

என் கமராவின் மொடலைக் கேட்டு, இணையத்தில் தேடி, சென்சர் அளவைத் தானே வாசித்துப் பார்த்தார். நான் சொன்னது சரிதான். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு மனுசன்ட பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தோமே" என்று சொல்லி, பெர்மிட் அண்ணையிடமே இருக்கட்டும் என்றார். நான் எழுதிய தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். இன்னும் இரண்டு வள்ளங்கள் மேல் முறைப்பாடு இருக்கிறதாம், அந்தப் படங்களும் சின்னச் சென்சர் கமராவில் எடுத்தவையாம்.

"தாராளமா வச்சிருங்கோ ஐயா" என்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அண்ணை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியில் வந்த பிறகு, "நல்லாக் கதைச்சீங்கள் தங்கச்சி" என்றார். பயந்த மனிதன், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு வள்ளக்காரருக்கும் தேவைப்பட்டால் காட்டலாம் என்று, அன்று பின்னேரம் என் திமிங்கிலப் படத்தின் மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன். கமரா ஒவ்வொரு படத்தோடும் தன் விவரங்களைத் தானே எழுதி வைக்கும். திறந்து பார்த்தேன்.

குவியத்தூரம், அதாவது லென்ஸ் இலக்கம்: 200 மி.மீ. அதற்குக் கீழே, ஃபுல் ஃப்ரேம் சமன்: 300 மி.மீ.

ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு கதிரையில் இருந்தபடியே "ஐயோ கடவுளே" என்று கத்திவிட்டேன். வெளியில் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த மனுசி எட்டிப் பார்த்தாள்.

எங்கள் ஊர்ப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரு வட்சப் குழு இருக்கிறது. ஆளுக்கொரு கமரா, ஆளுக்கொரு சென்சர். ஒருவர் லென்ஸ் இலக்கத்தை எழுதினால் மற்றவருக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் எல்லாரும் ஃபுல் ஃப்ரேம் சமனை மட்டும்தான் எழுதவேண்டும் என்று குழுவில் ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவளே நான்தான்! எழுதாதவர்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். முகநூலுக்கும் அதே பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். இருநூறை ஒன்றரையால் பெருக்கி முந்நூறு. பெருக்கி முடிந்த முந்நூறைக் கந்தோரில் வைத்து இன்னொரு தரம் பெருக்கினேன்.

அதிகாரியின் கணக்குச் சரி. அவர் முப்பத்தாறையும் முந்நூறையும் சேர்த்துப் போட்டது முழுக்கச் சரி. நம்பாமல் மாற்றிப் பார்த்தேன், பெருக்கலே இல்லாமல். உண்மையான லென்ஸ் இருநூறு, உண்மையான சென்சர் இருபத்துநாலு, படத்துக்குள் பத்து மீற்றர். அதே எண்பத்துமூன்று.

ஆனால் எப்படி இருநூறு? என் திமிங்கில லென்ஸ் முந்நூறு வரை போகும் லென்ஸ். அதனால்தான் கந்தோரில் அந்த இலக்கத்தைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாட்காட்டியைப் பார்த்தேன். அந்தக் கிழமை அந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்து, சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகும், இருநூறோடு நின்றுவிடும் லென்ஸோடுதான் வள்ளத்தில் ஏறியிருக்கிறேன்.

அப்போதுதான் மற்றதும் ஞாபகம் வந்தது. இந்த லென்ஸ் போதாது என்று வள்ளத்தில் நின்று நான் பதைத்தது. அண்ணை எஞ்சினைக் குறைத்து நின்ற இடத்தில் நின்றது. திமிங்கிலம் சின்னதாகத் தெரிந்தது. நான் திரும்பிக் கத்தியது.

"கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை! இன்னும் கொஞ்சம்! முங்கப் போகுது, கெதியாப் போங்கோ!"

மறந்துபோனேன் என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் உண்மையாகவே மறந்துதான் போனேன். படம் நன்றாக வந்த சந்தோசத்தில், அது எப்படி வந்தது என்பதே என் தலையில் இருக்கவில்லை.

உப்புவெளிக்குப் போனேன். அண்ணை வள்ளத்தின் பக்கத்தில் குந்தியிருந்து எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இருநூறு, முந்நூறு, இரண்டு தரம் பெருக்கினது, எண்பத்துமூன்று.

அவர் துணியைப் பிழிந்தார். "எண்பத்துமூண்டோ? நான் எண்பது எண்டு நினைச்சனான்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"இருபத்தஞ்சு வருசமாக் கடலில நிக்கிறன். நூறு மீற்றர் எவ்வளவு எண்டு தெரியாதோ?"

"பிறகேன் அண்ணை கந்தோரில வாயைத் திறக்கேல்ல? நான்தான் கிட்டப் போகச் சொன்னனான் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் சொன்னனீங்கள்தான். எஞ்சின் என்ட கையிலதானே இருந்தது." துணியைத் திரும்பவும் தண்ணீரில் நனைத்தார். "நீங்கள் அங்க கணக்குக் கதைக்கேக்க, ஒருவேளை என்ட கண்தான் பிழையோ எண்டும் நினைச்சனான். படிச்ச ஆள் சொல்லுறீங்கள். பிழையா இருந்தா நல்லம் எண்டும் இருந்திச்சு. பொய் சொல்லேலாது."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அழுகையும் எனக்குக் கோபம் மாதிரித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வரும். நான் பேசாமல் இருந்தால் அவருடைய பெர்மிட் தப்பும். ஆனால் என் தாள் அந்த மேசையில் இருக்கிறது. வட்சப் குழுவில் உள்ள எல்லாரும் முகநூலிலும் சமனைத்தான் எழுதுகிறார்கள். அந்த இலக்கங்களை எல்லாம் அந்த அதிகாரி இனி ஒன்றரையால் பெருக்குவார். எண்பத்துமூன்றில் நிற்கும் வள்ளம் எல்லாம் நூற்றிருபத்தைந்தில் நிற்கும், தாளில்.

"என்ன செய்யட்டும் அண்ணை? நீங்கள் சொல்லுங்கோ."

"அதையும் என்னட்டையோ கேக்கிறீங்கள்?" என்றார். அவர் என்னோடு கொஞ்சம் கடுமையாகக் கதைத்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த நாள் காலையில் நான் கந்தோருக்குப் போனபோது, அண்ணை எனக்கு முந்தி அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பெர்மிட். நான் மூலக் கோப்பைக் காட்டி, இரண்டு தரம் பெருக்கியதைச் சொன்னேன். கிட்டப் போகச் சொன்னது நான் என்றும் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு என் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"உண்மையைச் சொன்னத்துக்கு நன்றி மிஸ். ஆனா பெர்மிட் வள்ளம் ஓட்டுறவர்ட பேரிலதான் இருக்கு. படம் எடுத்தவங்கட பேரில எனக்கிட்ட ஒண்டுமில்ல, பறிக்க."

மிச்சச் சீசன் முழுக்க அண்ணையின் பெர்மிட் கந்தோர் அலுமாரியில் இருந்தது. அவருடைய வள்ளம் தறப்பாள் போர்த்து மணலில் கிடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கமரா என் கையில்தான் இருந்தது, ஸ்டூடியோ திறந்துதான் இருந்தது. அந்தப் படத்துக்கு இன்னும் ஆட்கள் ஆஹா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கந்தோரிலிருந்து வந்த அன்றே அதை அழிக்கப் போனேன். பிறகு அழிக்காமல், கீழே இருந்த வரியை மட்டும் மாற்றினேன். லென்ஸ் 200 மி.மீ., ஃபுல் ஃப்ரேம் சமன் 300 மி.மீ., தூரம் எண்பத்துமூன்று மீற்றர், கிட்டப் போகச் சொல்லிக் கத்தியது நான்.