துணை விளக்கை எங்கே வைப்பது

மாத்தளை டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் விளக்கு நகர்த்தும் வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கு முன்பு லொறியிலும் பேக்கரியிலும் இருந்தேன். ஸ்டூடியோவின் பின்பக்கம் படுக்க ஒரு பலகை கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். ஒழுகாத பக்கம் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குவேன்.

முதலாளி முஸ்லிம்; அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘நானா’ என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரே அளவு பல்பு போட்ட இரண்டு விளக்குகள் இருந்தன. பெரிய லைட் என்று அவர் சொன்னது முகத்துக்குப் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தையும் நிழலையும் உண்டாக்கும். துணை லைட் கேமராவை ஒட்டி நின்று அந்த நிழலை நிரப்பும். இரண்டும் முகத்திலிருந்து நாலடியில் நின்றால் நிழல் ஏறக்குறைய இல்லை. முகம் மாவு பிசைந்ததுபோல வழவழவென்று வரும். துணை லைட்டை எட்டடிக்குத் தள்ளினால் அதன் வெளிச்சம் பாதியாக அல்ல, காலாகக் குறையும். முகத்தில் ஒரு பக்கம் இருண்டுவிடும். நாடகக்காரர்களுக்கு எட்டடி. கல்யாணத்துக்குக் கொடுக்கும் பெண் படங்களுக்கு நாலடி. அதற்குமேல் நானா நெகடிவில் பென்சிலும் வைப்பார். பரு, தழும்பு எல்லாம் போய்விடும். ஊரில் எல்லா ஸ்டூடியோக்காரர்களும் செய்ததுதான்.

ஒருநாள் காலை இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. சம்பந்தம் பேச, பக்கத்து நாலந்தாவில் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றார் அண்ணன். நான் வழக்கம்போலத் துணை லைட்டை நாலடியில் வைத்தேன்.

"அத வைக்காதீங்க," என்றாள் அவள்.

"ஏம்மா?" என்றார் நானா.

"போன தடவ இங்கதான் எடுத்தோம். தழும்பே தெரியல. பொண்ணு பார்க்க வந்தவங்க படத்தப் பார்த்தாங்க, என்னயப் பார்த்தாங்க. தேத்தண்ணிகூட குடிக்காம போயிட்டாங்க. இன்னொரு தடவ அப்படி ஒக்கார என்னால முடியாது."

"வாய மூடு," என்றார் அண்ணன். "தழும்பக் காட்டினா வரவே மாட்டாங்க."

"வராதவங்க வராமலே இருக்கட்டும் அண்ணே. வந்துட்டுப் போறதுதான் தாங்கல."

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எடுத்த படத்தைத்தான் குறை சொல்கிறாள். "அப்ப அப்படியே எடுப்போம். தள்ளுங்க தம்பி!" என்றார். நான் துணை லைட்டை எட்டடிக்குத் தள்ளினேன். பெரிய லைட் சாய்வாக விழ, ஒவ்வொரு தழும்பும் குழிபோலத் தெரிந்தது. அண்ணன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னங்க நானா இது, பொலிஸ்ல புடிச்சுவச்ச ஆள் மாதிரி!"

அவளே சிரித்துவிட்டாள். "அவ்வளவு வேணாங்க. பகல்ல வாசல்ல நின்னா எப்படி இருப்பேனோ, அப்படி."

நானா அவளை வாசல் பக்கம் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து, துணை லைட்டை நான் மெல்ல மெல்ல முன்னே நகர்த்த, துணிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறடிக்குச் சற்று உள்ளே வந்ததும் "நில்லுங்க" என்றார். துணை லைட்டின் வெளிச்சம் பெரிய லைட்டில் பாதி. தழும்பு இருந்தது, கண்ணும் மூக்கும் அதைவிட முன்னால் நின்றன.

"பென்சில் வைக்காதீங்க நானா," என்றாள்.

"வைக்க மாட்டேன் புள்ள. அசையாம இருங்க."

படம் நாலந்தாவுக்குப் போனது. இரண்டு வாரம் பதில் ஒன்றும் இல்லை. அண்ணன் டவுனுக்கு வந்தால் ஸ்டூடியோ வாசலில் நின்று, "சொன்னேன்ல, வராது," என்று எங்களைத் திட்டிவிட்டுப் போவார்.

பிறகு ஒரு நடுப்பகல் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அந்தப் படத்தோடு உள்ளே வந்தார். நாலந்தாக்காரர். முப்பத்தைந்து தாண்டியிருக்கும்; நெற்றி மேலேறி, கண்ணடியில் பை விழுந்திருந்தது.

"இது நெசமாவே இவங்க முகந்தானா? வேலை ஏதும் செஞ்சீங்களா?"

"பென்சிலே தொடல," என்றார் நானா.

அவர் படத்தை மேசைமேல் வைத்தார். "நான் அவங்களுக்கு அனுப்புனது கண்டில எடுத்த படம். அதுல எனக்குக் கல்லூரிப் பையன் முகம். அதோட எப்படி அவங்க வீட்டுக்குப் போறது? இவங்களுக்கு வச்ச அதே வெளிச்சத்துல என்னயும் எடுங்க."

எடுத்தோம். நானா சொல்லியனுப்பி அடுத்த வாரம் அண்ணனும் தங்கையும் வந்தபோது அவருடைய படம் தயாராக இருந்தது. அவள் அதைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"காது கொஞ்சம் பெருசு," என்றாள்.

"அது மட்டுமா, மண்டையப் பாரு," என்றார் அண்ணன்.

"பார்த்தேன். ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க அண்ணே."