முடிந்தால்தான் ‘இஸ்ட்’

என் பெண்டாட்டி அடைக்கலமேரியைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. கத்த மாட்டாள், சண்டை போட மாட்டாள். ஆனால் ஒரு காரியம் முடியாமல் ‘முடிந்தது’ என்று அவள் வாயிலிருந்து வரவே வராது. மற்ற வீடுகளில் “சோறு ஆச்சா?” என்று கேட்டால், அரிசியைக் களைந்துகொண்டே “ஆச்சு, ஆச்சு” என்பார்கள். இவளோ பானையைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பாள். பிறகு “இன்னும் இல்லைங்க” என்பாள். பசியோடு வருகிறவனுக்கு எரிச்சல் வராதா? எனக்கு வரும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திருமயம் ரோட்டில் ஜெர்மன் கன்னியர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நான் வேன் டிரைவர், பெயர் சவரிமுத்து. அவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஆயாவாகச் சேர்ந்தவள். படுக்கைச் சட்டி கழுவினாள், தரை துடைத்தாள், அங்கேயே வேலை பழகிப் படிப்படியாக நர்ஸானாள். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு சரி. எங்களுக்குப் பிள்ளையில்லை. அதற்காக நாங்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரம்மா வார்டுக்குள் வந்து “கட்டு மாத்தியாச்சா?” என்று கேட்டால், எல்லா நர்ஸுகளும் ஒரே குரலில் “ஆச்சு டாக்டரம்மா” என்பார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் ஓடிப்போய் மாற்றுவார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, மரியாதைக்குச் சொல்வது. மேரி மட்டும் “இல்லைங்க டாக்டரம்மா, இப்பத்தான் மாத்தப் போறேன்” என்பாள். திட்டு வாங்குவாள். மறுநாளும் அதையே சொல்வாள்.

அறுபத்திரண்டில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஆபரேஷன் அறை கட்டினார்கள். அறை வந்தால் போதுமா, அதில் நிற்கத் தெரிந்த நர்ஸ் வேண்டாமா? இரண்டு பேரை ஜெர்மனிக்கு அனுப்பி இரண்டு வருஷம் பழக்குவதாக முடிவாயிற்று. சர்டிபிகேட் கேட்க மாட்டோம், ஜெர்மன் பாஷைப் பரீட்சையில் தேறினால் போதும், வயது மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். மேரிக்கு அப்போது முப்பத்து நாலு முடியப் போகிறது. எட்டாவது படித்தவளுக்கு வேறு எந்தப் பயிற்சியிலும் இடம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை மனுப் போட்டு, படிப்புப் போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் அறையில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. இதை விட்டால் அவ்வளவுதான்.

“நான் போகட்டுமாங்க?” என்று கேட்டாள்.

“போயேன். நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கப் போறேன்?” என்றேன். உள்ளுக்குள்ளே இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அது என் பாடு.

கிறிஸ்தவத்துக்கு மாறாத என் அண்ணன் பெரியகருப்பன் குளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டார். “பொம்பளைய சீமைக்கு அனுப்பிப்புட்டு நீ என்னடா பண்ணுவ? ஒலை வச்சு சோறாக்குவியா?”

“ஆமாண்ணே. வாங்க, ஒங்களுக்கும் சேர்த்து ஆக்கிப் போடுறேன்.”

சாயங்காலங்களில் ஆஸ்பத்திரிக் கன்னியரில் ஒருவரான சிஸ்டர் கெர்ட்ரூட், போக மனுப் போட்ட ஆறு பெண்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். இலக்கணம் முக்கால்வாசியும் வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சிதான். முதலில் சாதாரண வாக்கியம் ஒன்று இருக்கும்: சிஸ்டர் கதவைச் சாத்துகிறாள். அதைக் கதவின் பக்கத்திலிருந்து இரண்டு விதமாக மாற்றி எழுத வேண்டும். முதலாவது, “டீ ட்யூர் விர்ட் கெஷ்லாஸன்.” கதவு சாத்தப்படுகிறது, காரியம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, “டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லாஸன்.” கதவு சாத்தியிருக்கிறது, காரியம் முடிந்து கதவு இப்போது அந்த நிலையில் நிற்கிறது. கடைசிச் சொல் இரண்டிலும் ஒன்றேதான். நடுவில் இருக்கும் விர்ட் போய் இஸ்ட் வரும். பல கதவுகள் என்றால் விர்ட்டுக்குப் பதில் வேர்டன், இஸ்ட்டுக்குப் பதில் சிண்ட்.

இன்னொன்றும் உண்டு. விர்ட் வாக்கியத்தில் யாரால் சாத்தப்படுகிறது என்பதையும், வேண்டுமானால், சேர்த்துச் சொல்லலாம். இஸ்ட் வாக்கியத்துக்கு வந்தால் அந்த ஆளை விட்டுவிடுவார்களாம். சாத்தினது யாராயிருந்தால் என்ன, கதவு சாத்தியிருக்கிறதா, அதைப் பார் என்று அர்த்தம். இதை மேரி வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

“நம்ம வீட்டு வேலை மாதிரிதான். சட்டி கழுவியிருக்கும். கழுவுனது யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்றேன்.

“நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?” என்றாள். தேவைதான் எனக்கு.

இந்தப் பாடத்தில் மற்ற ஐந்து பெண்களும் சல்லென்று போய்விட்டார்கள். ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைக்கிற வேலைதானே. மேரிக்கு எழுதும்போது கஷ்டமில்லை. வாயால் சொல்லும்போதுதான் மாட்டிக்கொண்டாள். விர்ட் வரும், இஸ்ட் தொண்டையில் நிற்கும். கதவு திறந்து கிடக்கும்போது சாத்தியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பாள்.

“அடியே, அது பயிற்சி. நெசக் கதவு இல்ல.”

“தெரியுதுங்க. வாய் வர மாட்டேங்குது.”

சரி என்று நானே கதவானேன். அவள் விர்ட் சொல்லும்போது நான் கதவைச் சாத்துவேன். சாத்தி முடிந்ததும் அவள் இஸ்ட் சொல்வாள். அப்படியே ஜன்னல், படுக்கை, கொதிக்கிற தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் போனது. வேன் ஓட்டிவிட்டு அலுத்து வருகிறவன் பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகக் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏப்பா சவரி, அந்தக் கதவு ஒனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல. ஜெர்மன் படிக்கிறேன் ஆத்தா என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து சிஸ்டர் ஹில்டகார்ட் என்பவர் வந்தார். திருச்சி ஜங்ஷனில் நான்தான் வேனில் ஏற்றி வந்தேன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கிற முகமும் இல்லை.

கட்டுப் போடுகிற அறையில் பரீட்சை வைத்தார்கள். ஃபேன் உள்ள அறை அது ஒன்றுதான். நான் தண்ணீர்க் கூஜாவைக் கொண்டு வைக்கிற சாக்கில் வாசலில் நின்றேன். எழுத்துப் பரீட்சை காலையிலேயே முடிந்து, ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். வாய்ப் பரீட்சைதான் முடிவு சொல்ல வேண்டும். சிஸ்டர் ஹில்டகார்ட் ஒரு வாக்கியம் சொல்வார், எதிரே உட்கார்ந்திருக்கிறவள் அதை விர்ட்டாகவும் இஸ்ட்டாகவும் மாற்ற வேண்டும். நேரம் பார்க்க மேசை மேல் கடிகாரம். முன்னால் போனவர்கள் மூச்சு விடாமல் கடகடவென்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

கடைசியில் மேரி. முதல் வாக்கியம் கதவுதான். “டீ ட்யூர் விர்ட் கெஷ்லாஸன்” என்றாள். இஸ்ட் வரவில்லை. அவள் எழுந்தாள், கதவருகே வந்தாள், என் மூக்குக்கு முன்னால் சாத்தினாள். உள்ளேயிருந்து “இஸ்ட் கெஷ்லாஸன்” என்று கேட்டது.

நான் மறுபடி மெல்லத் திறந்து பார்த்தேன். சிஸ்டர் கெர்ட்ரூட்டின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அடுத்தது ஜன்னல். மேரி எழுந்து போய்த் திறந்தாள், பிறகுதான் இஸ்ட். அடுத்தது படுக்கை. விரிப்பை உதறி, நாலு மூலையும் மடித்துச் சொருகி, கையால் நீவிவிட்டாள். “டாஸ் பெட் இஸ்ட் கெமாக்ட்.” கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஹில்டகார்ட் ஜெர்மனில் கடுகடுவென்று ஏதோ சொன்னார். சிஸ்டர் கெர்ட்ரூட் தமிழில், “மேரி, வாயால் சொன்னால் போதும், செய்ய வேண்டாம்” என்றார்.

“தெரியும் சிஸ்டர். செய்யாம அந்தச் சொல் வரலீங்க சிஸ்டர். பொய் சொல்ற மாதிரி இருக்கு.” அந்த நேரத்தில் உள்ளே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. போங்கய்யா நீங்களும் ஒங்க சீமையும் என்று சொல்லிவிட்டு.

சிஸ்டர் கெர்ட்ரூட் அவள் சொன்னதை ஜெர்மனில் சொன்னார். சிஸ்டர் ஹில்டகார்ட் கொஞ்ச நேரம் மேரியையே பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்தார். அடுத்த வாக்கியத்தைச் சொல்லி, தன் இடது கையை மேசை மேல் நீட்டினார். காயத்துக்குக் கட்டுப் போடுகிற வாக்கியம் அது.

மேரி கையைக் கழுவினாள். துணிச்சுருளை எடுத்தாள். “டீ வுண்ட விர்ட் ஃபெர்புண்டன்” என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டிலிருந்து சுற்றினாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. முடிச்சுப் போட்டு, விரல் நுனிகளை அழுத்தி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் “இஸ்ட் ஃபெர்புண்டன்” என்றாள். சிஸ்டர் ஹில்டகார்ட் அந்தக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதை அவிழ்க்காமலே அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

பிரயாணப் பெட்டியில் சாமான் அடுக்குகிறார்கள் என்பது அந்த வாக்கியம். “டேர் கோஃபர் விர்ட் கெபாக்ட்” என்ற மேரி, அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெட்டி எங்கே இருக்கிறது அங்கே? எங்கள் வீட்டிலும் கிடையாது. நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“டன் பாக்கன் ஸீ ஈன்” என்றார் சிஸ்டர் ஹில்டகார்ட்.

வீட்டில் கதவாயும் பாயாயும் இருந்தபோது ஜெர்மனில் நான் வாங்காத உத்தரவா? எனக்கே புரிந்துவிட்டது. அப்படியானால் ஜெர்மனிக்குப் போகப் பெட்டியை அடுக்குங்கள் என்கிறார். மேரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிஸ்டர் கெர்ட்ரூட்டைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். மேரி நேரே வெளியே வந்து, “ஏங்க, நம்மகிட்டப் பெட்டி இல்லையேங்க” என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். வேன் டிரைவர் அழக் கூடாது என்று சட்டமா?

மறுநாளே கீழராஜ வீதிக்குப் போய்ப் பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன். கப்பலுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. அதற்குள் அவள் அதில் சேலைகளை அடுக்குவதும் எடுப்பதுமாக இருந்தாள். கம்பளிச் சட்டையை மேலே வைப்பாள், பிறகு கீழே வைப்பாள். வேலையிலிருந்து வந்ததும் நான், “ஆச்சா மேரி?” என்பேன். “இன்னும் இல்லைங்க” என்பாள். சோற்றுக்கு அதே பதிலைக் கேட்டு எரிச்சல்பட்டவன், பெட்டிக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். அந்த மாதங்களைப் போல நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தது முன்னே கிடையாது.

கிளம்புகிற அன்றைக்கு விடிந்து, வேனை வாசலில் கொண்டு நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். மேரி பெட்டியின் மூடியை அழுத்தி, கொக்கியை மாட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “டேர் கோஃபர் இஸ்ட் கெபாக்ட்” என்றாள். அவள் சொல்லி நான் கேட்ட இஸ்ட்டுகளிலே எனக்குப் பிடிக்காமல் போனது அது ஒன்றுதான்.