வேலுத்தாய் கைநாட்டு வச்ச பராதி

வேலுத்தாயைப் பத்தி நாலு வார்த்தை எழுதணும்னா, முதல்ல என்னைப் பத்தின ஒரு அசிங்கத்தைச் சொல்லியாகணும். அதைச் சொல்லாம அவளைப் பத்திச் சொன்னா அது பாதி பொய்.

நான் செல்வலட்சுமி. வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ்னு போர்டுல இருக்கே தவிர, ரேஷன் கார்டு, பென்ஷன், ஆதார் திருத்தம்னு எஸ்டேட் சனங்களோட எழுத்து வேலை மொத்தமும் என் தலையிலதான். என் வாய் கொஞ்சம் நீளம். தாலுக்கா ஆபீஸ்ல போய் நான் நின்னாலே, "சேச்சி வந்நு", அக்கா வந்தாச்சுன்னு ஃபைலைத் தேட ஆரம்பிச்சிருவாங்க. அதுல எனக்கு ஒரு திமிரும் உண்டு.

வேலுத்தாய் தேயிலைத் தோட்டத்துல முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவ. ஒரு நாள் மட்டம் போட்டது கிடையாது. புருஷன் செத்த மூணாம் நாளே கூடையைத் தூக்கிட்டுப் போனவ. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா யாரு எத்தனை கிலோ எடுத்தா, எடை போடுறவன் யாருக்கு எவ்வளவு அமுக்கினான்னு ஒரு வாரத்துக்குப் பிறகும் சொல்லுவா. அதனால எடை போடுறவனுக்கு அவளைக் கண்டா ஆகாது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டா. "அண்ணாச்சி, நேத்து எனக்குப் பதினேழு, நீங்க பதினஞ்சு போட்டுட்டீங்க"ன்னு தணிஞ்ச குரல்ல சொல்லிட்டு, அவன் திருத்துற வரைக்கும் அங்கயே நிப்பா. அம்புட்டுதான்.

இந்த ஆனியில அவளுக்கு ரிட்டயர்மெண்ட். எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டை ரெண்டு மாசத்துல காலி பண்ணணும். போடியில ஒத்தை அறை வீடு ஒண்ணு பார்த்து வச்சிருந்தா. வாசல்ல குழாய், பக்கத்துலயே பஸ். வீட்டுக்காரம்மா ஆவணி கடைசி வரைக்கும் பொறுக்கிறேன்னு சொல்லியிருந்தா. கம்பெனி குடுத்த கிராஜுவிட்டி பேங்குல வந்து கிடக்கு. எடுத்து அட்வான்ஸ் குடுத்தா வீடு அவளுக்கு. எடுக்கத்தான் முடியல.

கணக்கு ரொம்ப நாள் புழங்காமக் கிடந்ததால கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி முடக்கி வச்சிருந்தாங்க. கவுண்டர்ல இருந்த சிஞ்சுங்கிற பிள்ளை, "இப்போ எல்லாம் ஆன்லைன்தான் அம்மச்சி, சாட்ல போய்ப் பாருங்க"ன்னு ஒரு சீட்டைக் குடுத்து அனுப்பிருச்சு. வேலுத்தாய் சீட்டோட நேரா என் கடைக்கு வந்தா.

அந்தக் கூத்தை என்னன்னு சொல்றது! கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மை மூஞ்சி சிரிச்சுக்கிட்டே "வணக்கம், நான் எப்படி உதவட்டும்?"னு கேக்கும். கே.ஒய்.சி.ன்னு அடிச்சா, "நீங்கள் பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம்"னு சொல்லும். கடைசி நாலு நம்பரை மட்டும் காட்டும். 6317. வேலுத்தாய் கையில இருந்த பட்டன் போனுக்கு ஒண்ணும் வராது, ஏன்னா அது வேற நம்பர். சரி, நம்பரை மாத்தலாம்னு அமுக்கினா, "எண்ணை மாற்ற, பதிவு எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யை இடவும்"ங்கும். அடப்பாவி, அந்த நம்பர் இல்லைன்னுதானேடா மாத்த வந்திருக்கோம்! அதிகாரிகிட்டப் பேசணும்னு அடிச்சா, "அதிகாரியுடன் இணைக்கும் முன் உங்களைச் சரிபார்க்க வேண்டும், பதிவு எண்ணுக்கு ஓ.டி.பி..." திரும்ப முதல்ல இருந்து. மூணு நாள் மல்லுக்கட்டினேன். "மனுஷன் யாராவது இருக்கீங்களாடா?"ன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு அஞ்சு நட்சத்திரத்தைக் காட்டி மார்க் போடச் சொல்லுது.

வேலுத்தாய் பக்கத்து ஸ்டூல்ல கையைக் கட்டி உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா. நான் ஒவ்வொரு தடவையும் சத்தமா வாசிப்பேன்: "கடைசி நாலு நம்பர் அறுபத்திமூணு பதினேழு." அவ என் மூஞ்சியைப் பார்ப்பா.

நாலாம் நாள், பேங்கோட தலைமை ஆபீஸ்ல பராதி, அதான் புகார், விசாரிக்கிற அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல கடுதாசி போடலாம்னு உக்காந்தேன். தமிழ்ல ஒண்ணு, மலையாளத்துல ஒண்ணு. அப்பத்தான், "6317 என முடியும் எண் யாருடையது என்றே தெரியவில்லை"ன்னு அடிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு விரல் நின்னு போச்சு.

அது என் நம்பர்.

பத்து வருஷத்துக்கு முன்னால எஸ்டேட்ல எல்லாருக்கும் கணக்குத் திறக்க முகாம் போட்டாங்க. ஃபாரத்துக்குப் பத்து ரூபான்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். லயத்துல அப்போ ஒருத்தர்கிட்டயும் போன் கிடையாது. நம்பர் கட்டத்தைச் சும்மா விடக் கூடாது, எதையாவது போடுங்கன்னு பேங்குல வந்தவரு அவசரப்படுத்தினாரு. என் நம்பரையே எல்லாத்துலயும் போட்டு விட்டேன். மூணு வருஷம் கழிச்சு ரீசார்ஜ் மலிவுன்னு வேற சிம் வாங்கினேன். பழசைத் தூக்கி டிராயர்ல போட்டவ, அதோட அதை மறந்தே போயிட்டேன்.

வாயைத் திறந்து, "அக்கா, தப்பு என்னோடது"ன்னு சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? நேரா பிராஞ்சுக்குப் போய், ஆதாரையும் பாஸ்புக்கையும் காட்டி, நம்பர் மாத்துற ஃபாரத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ஆனா அங்க போனா, இது யாரு நம்பருன்னு கேப்பாங்க. கடைக்கு வர்ற சனத்துக்கெல்லாம் தெரிஞ்சு போகும். என் பவுசு என்னாகிறது?

சொல்லலைங்க. சொல்லாததுகூடப் பரவாயில்ல. அடிச்சதை அழிச்சிட்டு, "முகாமின்போது வங்கி ஊழியர் தவறாகப் பதிந்த எண்ணால் நான் அலைக்கழிக்கப்படுகிறேன். என்னோடு பேச ஒரு மனித அதிகாரி வேண்டும்"னு அடிச்சேன்.

"வாசிச்சுக் காட்டு புள்ள"ன்னா வேலுத்தாய்.

வாசிச்சேன். வங்கி ஊழியர்ங்கிற இடத்துல வேகமாப் போனேன். அவ கையை நீட்டி நிறுத்தினா.

"அந்த வரி இருக்கணுமா லட்சுமி?"

"இருந்தாத்தான்க்கா பயப்படுவாங்க."

அவ மைப்பெட்டியை இழுத்துப் பெருவிரலை ஒத்தி, நான் காட்டின இடத்துல வச்சா. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலு. என் பொய்க்குக் கீழ அவ கைநாட்டு.

முப்பது நாளைக்குள்ள பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்கோட குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்னு பெருசா வேற அவகிட்ட அளந்து விட்டேன். அவ தினம் சாயங்காலம் கடைக்கு வருவா. "தபால் வந்துச்சா?"ன்னு மட்டும் கேப்பா. நான் பேங்கைத் திட்டுவேன். சத்தமாத் திட்டத் திட்ட, எனக்கே நான் யோக்கியம்னு தோணும். ராத்திரி படுத்தா தூக்கம் வராது. நாளைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். விடிஞ்சதும் வாய்ப்பூட்டு போட்டுக்குவேன்.

கடுதாசி போட்ட இருபத்திரெண்டாம் நாள் என் போனுக்குக் கூப்பிட்டாரு கபிரியேல் சார். பராதியை விசாரிக்க வந்த அதிகாரி, சொந்த ஊரு ஏலப்பாறை, நம்ம தமிழ். "அம்மாவை இப்படி அலைய விட்டதுக்கு மன்னிச்சிருங்க. நாளைக்கு ஆதார், பாஸ்புக், ரெண்டு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நானே உக்காந்து முடிச்சுத் தர்றேன்"னாரு. கெஞ்சிக் கூத்தாடி மனுஷன் வேணும்னு கேட்டது நான்தான். மனுஷன் வந்ததும், ஏன்டா வந்தாருன்னு ஆயிருச்சு எனக்கு.

மறுநாள் பிராஞ்சுல அவரு மேஜை மேல ஒரு பழைய ஃபாரம் இருந்துச்சு. வேலுத்தாயோட கணக்குத் திறந்த ஃபாரம். என் கையெழுத்து. ஏழுக்கு நடுவுல கோடு போடுறது எனக்குச் சின்னதுல இருந்தே பழக்கம். கீழ, "படித்துக் காட்டியவர்: செல்வலட்சுமி"ன்னு என் பேரும் இருந்துச்சு.

"ஊழியர் தவறாகப் பதிந்த எண்ணுன்னு எழுதியிருக்கீங்க. ஃபாரத்துலயே இந்த நம்பர்தானே இருக்கு? இது யாரு நம்பர்ம்மா?"ன்னு கேட்டாரு. கோபமா இல்ல, சும்மாதான் கேட்டாரு.

நான் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள வேலுத்தாய் முந்திக்கிட்டா.

"நான்தான் சார் போடச் சொன்னேன். எனக்கு அப்ப ஏது போனு? தெரிஞ்ச புள்ளை நம்பரைப் போடுன்னு சொன்னேன். வயசாச்சு, மறந்துட்டேன்."

அவ அப்படிச் சொல்லவே இல்லைங்க. அந்த முகாம்ல அவ வரிசையில நின்னதும், நான் நிமிர்ந்துகூடப் பார்க்காம எழுதினதும் எனக்கு ஞாபகம் இருக்கு.

கபிரியேல் சார் வேற ஒண்ணும் கேக்கல. நம்பர் மாத்துற ஃபாரம், கே.ஒய்.சி. ஃபாரம், ரெண்டுலயும் தன் கண்ணு முன்னாலயே கைநாட்டு வாங்கினாரு. இருபது நிமிஷம். இருபத்தாறு நாள் அலைச்சல் இருபது நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "இந்த 6317 இன்னும் முப்பத்தேழு கணக்குல இருக்கு. புழங்காத நம்பரை போன் கம்பெனி வேற ஆளுக்குக் குடுத்துரும், இப்போ யாரு கையில இருக்கோ. அவங்களையும் வரச் சொல்லணும்"னாரு.

வெளிய வந்ததும் நான் அவ கையைப் பிடிச்சேன். "எப்பக்கா தெரியும்?"

"முதல் நாளே. என் மகன் பாண்டி திருப்பூர்ல வேலைக்குப் போன புதுசுல உன் நம்பருக்குத்தானே கூப்பிடுவான்? ஞாயித்துக்கிழமையானா உன் கடை வாசல்ல நிப்பேனே. அந்த நம்பரை நான் மறப்பேனா? ஊருல எல்லாருக்கும் அதைத்தான் சொல்லி வச்சிருந்தேன்."

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

நடுரோட்டுல அழுதேன். மன்னிச்சிருன்னு சொன்னேன். அவ பரவாயில்லைன்னு சொல்லல. போடி வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடச் சொன்னா. போட்டேன். ஆவணி முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சே, முந்தாநாளே வேற ஆளுக்கு விட்டுட்டேன்னு அந்தம்மா சொல்லிருச்சு. வேலுத்தாய் போனை வாங்கி, "சரிங்கம்மா"ன்னு மட்டும் சொல்லி வச்சா. வாசல்ல குழாய் இருந்த வீடுன்னு ஒரு தடவை சொன்னா. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

பஸ்ல ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்து வந்தோம். அந்த முப்பத்தேழு பேருக்கும் கடையில நோட்டீஸ் ஒட்டலாமா, இல்ல யார்கிட்டயாவது சொல்லி விடலாமான்னு என் புத்தி அப்பவும் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. லயத்து ஸ்டாப்பு வந்ததும் அவ எந்திரிச்சா.

"இறங்கு."

"எங்கக்கா?"

"முப்பத்தேழு பேரு. ஒத்தையில போனா உனக்கு வாய் வராது. நான் கூட வர்றேன்."

முதல் வீடு கற்பகம் வீடு. வேலுத்தாய்தான் கதவைத் தட்டினா. கற்பகம் ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "என்னக்கா, லட்சுமியோட வந்திருக்க? பேங்கு வேலை முடிஞ்சுதா? எவன் பண்ணின தப்பாம்?"னு கேட்டா.

வேலுத்தாய் ஒரு எட்டு பின்னால தள்ளி, கையைக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்தா. எடை போடுறவன் முன்னால நிக்கிற மாதிரியே நின்னா.

"நான்தான் கற்பகம்"னேன்.