வாழ்த்த வயதில்லை என்று வந்த வாழ்த்து

ஐம்பதாவது பிறந்தநாள் அன்று நான் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். யாராவது என்னைக் கிண்டல் செய்ய வேண்டும். சட்டை வேண்டாம், கேக் வேண்டாம், வயதைச் சொல்லி ஒருவன் வாரினால் போதும். கிண்டல் நின்றுபோன ஆளை அடுத்தபடியாக நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்பது என் பயம். அந்த நாற்காலிக்கு நான் இன்னும் தயாராகவில்லை.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் கோர்ட்டில் தினமும் காலையில் ஆடுகிற கூட்டம் எங்களுடையது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வாழ்த்து எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாகப் பிடுங்கிக்கொண்டது. வயதை வைத்துத்தான் ஜோக். ஆனால் வாங்கிக்கொள்கிறவர் அன்றைக்கு நன்றாகத் தூங்க வேண்டும். இந்த இரண்டாவது பாகத்துக்குத்தான் எனக்கு நேரம் பிடிக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை. ஸ்மாஷ் அடித்தால் பந்து நம் நெஞ்சைத் தேடி வரும். அவர் ரிட்டயர் ஆன வருஷம், "இனி மணி அடித்தாலும் அக்கா எழுந்திருக்க வேண்டாம்" என்று முதலில் எழுதினேன். எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு, ரிட்டயர்மென்ட் பற்றிப் பேச்சு வந்தாலே அவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிடுவது ஞாபகம் வந்தது. அழித்தேன். அடுத்து, "இந்த வயசிலயும் என்னா அடி" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். 'இந்த வயசிலயும்' என்ற வார்த்தை பாராட்டு மாதிரி உள்ளே நுழைந்து, வயதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விடும். கடைசியில் போட்டது இதுதான்: "அக்காவுக்கு வயசு ஏறுது, எங்களுக்கு மூச்சு வாங்குது." வயது அவருக்கு, அவஸ்தை எங்களுக்கு. அக்கா அதை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்.

என் நண்பன் விஷயம் வேறு. முடிச்சூரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான், பத்தாம் வகுப்பிலிருந்து எனக்கு மச்சான். தன் வழுக்கையைப் பற்றி அவனே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதனால் வருஷா வருஷம் அதில் நான் தாராளமாக விளையாடினேன். ஒரு வருஷம் திடீரென்று தொப்பி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். அந்த வருஷம் தலைப் பக்கமே போகவில்லை. அவனுடைய ஸ்கூட்டரின் வயதை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஒருவர் தானே சிரிக்கிற இடத்தில்தான் நாமும் சிரிக்கலாம். அவர் சிரிப்பதை நிறுத்தினால் நாமும் அதே நிமிஷத்தில் நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றைக் கூட்டத்தில் பல தடவை சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். "ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சவங்களுக்கு வயசு ஜோக் கிடையாது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வெறும் வாழ்த்துதான்." அதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று காலையில் கண் விழித்ததும் போனை எடுத்தேன். முதல் செய்தி அக்காவுடையது. "திருநீர்மலைல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன். பெருமாள் பாத்துப்பார்." எதைப் பார்த்துக்கொள்வார்? எனக்கு எதுவும் காணாமல் போகவில்லையே.

அடுத்தது, கூட்டத்திலேயே இளையவன். சாஃப்ட்வேர்காரன், நேற்று வரைக்கும் என்னை அண்ணா என்று கூப்பிட்டவன். "வாழ்த்த வயதில்லை சார், வணங்குகிறேன்." தாம்பரம் மேம்பாலத்தடியில் கட்சிக்காரர்களின் ஃபிளெக்ஸில் பார்க்கிற வாசகம். அதில் ஒரு சார் வேறு.

மூன்றாவதாக என் மச்சான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தேன். "ஹேப்பி பர்த்டே. உடம்பைப் பாத்துக்கோ." மச்சான் என்ற வார்த்தைகூட இல்லை. கூப்பிய கைகள் மட்டும் இரண்டு ஜோடி.

எனக்கு வியர்த்தது. ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. போன வாரம் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய், ரத்தம், ஈசிஜி, டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எந்த வலியும் இல்லை. ஐம்பது வருகிறது என்ற ஒரே வலிதான். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தார். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாமே? பயப்பட என்பதை ஏன் சேர்த்தார்? அதற்குப் பிறகு அங்கிருந்து யாராவது வீட்டுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருந்தால்?

சமையலறைக்குப் போனேன். மனைவி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை கம்மியா போட்டிருக்கியா?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா, வேணும்னே எப்பவும் போலவா?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "காலங்காத்தால என்ன ஆச்சு உங்களுக்கு?"

"எனக்கு ஏதாவது போன் வந்துச்சா? நீ எடுத்துப் பேசினியா?"

"கேஸ்காரன் பண்ணினான். அவனும் உங்களைத்தான் கேட்டான். நிம்மதியா?"

நிம்மதி இல்லை. கேஸ்காரன் என்னை ஏன் கேட்க வேண்டும்?

கோர்ட்டுக்குப் போனேன். அங்கே நிலைமை இன்னும் மோசம். அக்கா எனக்கு ஸ்மாஷ் அடிக்கவில்லை. உயரத்தில் தொங்கிய பந்து, நான் வலைக்கு இந்தப் பக்கம் இடத்தையெல்லாம் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் அதைப் பிரசாதம் மாதிரி மெதுவாக என் பக்கம் வைத்தார். அதற்காவது யாராவது கிண்டல் செய்யட்டும் என்று, வேண்டுமென்றே வலையில் அடித்துத் தோற்கப் பார்த்தேன். "பரவால்ல பரவால்ல, நல்லா ஆடுனீங்க சார்" என்றான் இளையவன். ஒரு கேம் முடிந்ததும் எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் போட்டான்.

அந்த நாற்காலியைப் பார்த்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மச்சான் அன்று ஆட வரவில்லை. நேராக அவன் கடைக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் என் பையை வாங்கியதில்லை.

"டேய், என்னடா நடக்குது?" என்றேன்.

"இன்னா நடக்குது? ஒண்ணியும் நடக்கல. குந்து மொதல்ல."

"குந்த மாட்டேன். என்னைப் பத்தி என்ன தெரியும் உனக்கு? சொல்லு."

அவன் வயர் சுருளை எடுத்து எடுத்து ஒரே இடத்தில் வைத்தான். "நீ எங்கைல சொல்லல. நானும் கேக்கல. அவ்ளோதான்."

"எதை?"

"போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலாண்ட நின்னுகினு இருந்தேன். நீ அந்த ஸ்கேன் சென்டர்லேருந்து வந்த. கைல இம்மாம்பெரிய கவரு. கண்ணு ரெண்டும் கலங்கிக்கினு, ஒரு பன்ன தின்னுகினு இருந்த. தின்னுகினே அழுவறான்னா இன்னா நெனைக்கிறது?"

எனக்கு விஷயம் புரிந்தது. "டேய், ரத்தம் எடுக்க முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. பசியில பன் தொண்டையில மாட்டிக்கிச்சு."

"அழுவலியா?"

"விக்கல்டா."

அவன் நம்பவில்லை. "வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டான். சொல்லவில்லை என்றதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தான். "ரிப்போர்ட்ட காட்டு." என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மனைவியின் கண்ணுக்குப் படாமல் வைத்திருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். நார்மல், நார்மல் என்று அவன் வாய் முணுமுணுத்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கவரால் என் தலையில் ஒரு அடி வைத்தான்.

"பேஜார் பண்ணிட்டடா. ஜோக்கெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தோம். அக்கா ஒண்ணு, அந்தப் புள்ள ஒண்ணு, நான் ரெண்டு. நான்தான் எல்லாத்தையும் நிறுத்துனேன். நீதான சொன்ன, ரிப்போர்ட் வராம வயசு ஜோக் கூடாதுன்னு?"

"அதுக்காக வணங்குகிறேனாடா?"

"அவனுக்கு ஜோக் இல்லாம வாழ்த்து எழுதத் தெரியல. கூகுள் பண்ணி எடுத்தான், பாவம்."

அவன் ரெடி பண்ணிய இரண்டையும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். முடியவே முடியாது என்றான். "அது பழசு. இன்னிக்கு ஒன் மூஞ்சியப் பாத்தப்புறம் வேற எழுதணும். நீ வூட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஸ்கேன் விஷயத்தைச் சொன்னேன். திட்டு வாங்கினேன், பிறகு கேசரி கிடைத்தது. சாயங்காலம் மச்சானிடமிருந்து செய்தி வந்தது. குழுவில் அல்ல, எனக்கு மட்டும் தனியாக. மேலே "இத போடவா? வலிக்கும்னா சொல்லு" என்று எழுதியிருந்தான். கீழே:

"பயந்துகினு பயந்துகினு நம்மாளு அம்பதத் தொட்டுட்டான். அவனுக்கு வயசு ஏறுச்சு, எனக்கு பிரஷர் ஏறுச்சு. அவன் ரிப்போர்ட் நார்மல், என்துதான் கேள்விக்குறி. நல்லா இரு மச்சான்."

நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அக்காவுக்கு எழுதிய என் வாக்கியத்தையே திருடித் திருப்பிப் போட்டிருக்கிறான். வயது எனக்கு, அவஸ்தை அவனுக்கு. பயந்ததை எழுதியிருக்கிறான், பன்னை எழுதவில்லை. பன்னை எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வலித்திருக்கும், அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "போடு" என்று அனுப்பினேன். குழுவில் விழுந்ததும் அக்கா சிரிக்கிற முகங்களாக அடுக்கி, "நாளைக்கு ஸ்மாஷ் உண்டு" என்றார். இளையவன், "சாரி அண்ணா, நாற்காலியை எடுத்துட்டேன்" என்று போட்டான்.

நாள் நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் படுக்கப் போகுமுன் அதை இன்னொரு தடவை படித்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அடுத்தவரை உயர்த்த நம்மைக் கீழே வைத்து எழுதும்போது, பொய்யாக ஒன்றைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. கையில் இருக்கிறதைத்தான் எடுத்துப் போடுவோம். மூச்சு வாங்குது என்று நான் எழுதிய வருஷம் எனக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது.

போன் செய்தேன். "உனக்கு பிரஷர் எவ்வளவுடா?"

"ஜோக்குடா அது."

"பாத்தியா, பாக்கலியா?"

"மெடிக்கல் ஷாப்புல சும்மா பாத்தேன். அந்த மிஷினு சரியில்ல."

"எத்தனை கடையில மிஷின் சரியில்ல?"

"ரெண்டு" என்றான்.

மறுநாள் ஆட்டம் முடிந்ததும் அதே ஸ்கேன் சென்டருக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம், ஈசிஜி என்று நான் எடுத்த எல்லாவற்றையும் அவனுக்கும் எடுக்கச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிரஷர் மிஷினின் கைப்பட்டி இறுகும்போது வேறு பக்கம் பார்த்தான். வெளியே வந்ததும் அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். எதிர் சிக்னலில் நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று இருவரும் பார்த்துக்கொண்டே தின்றோம்.

அவனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். ஒரு ஜோக் தயாராக இருக்கிறது, நல்ல ஜோக். அவன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் போனில் அப்படியே அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.