திரும்பி வராத மெஷின்கள்

மெஷின் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். ஆறு வருஷமாக இணையத்தில் ஒரு பக்கமும் எழுதுகிறாள். வருஷக் கடைசியில் அதில் ஒரு கணக்கெடுப்புப் பதிவு வரும்: எது பலித்தது, எது சொதப்பியது, அடுத்த வருஷம் என்ன.

இந்தத் தடவை அவளைப் பயமுறுத்தியது அந்தப் பதிவுதான். தையல் பயிற்சி மையத்துக்கு மெஷின் பராமரிப்பு சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். "உங்க வருஷப் பதிவ அஞ்சு மணிக்குள்ள போடுங்க, படிச்சிட்டு முடிவு சொல்றோம்" என்று மையத்து மேடம் சொல்லிவிட்டார். முதுகுவலியோடு மெஷின் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோனவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

காலையிலேயே போன வருஷப் பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதுதான் அவள் முறை. பழைய திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து எதிரே பதில் எழுத வேண்டும். வாரம் ஒரு வீடியோ என்று சவடால் அடித்திருந்தாள். வருஷம் முழுக்க ஏழுதான் வந்திருந்தது. முன்பதிவு முறை பலித்தது. காத்திருந்து சலித்துக்கொள்பவர்கள் இப்போது இல்லை. எந்தத் துணிக்கு எந்த ஊசி என்ற பதிவைத்தான் அதிகம் பேர் படித்திருந்தார்கள். கடைசியாகத் தடித்த எழுத்தில் இந்த வருஷக் கணக்காக ஒரு வரி எழுதினாள்: 'பார்த்த மெஷின் 214. பழுதென்று திரும்பி வந்தது ஒன்பதே ஒன்பது!'

அவள் கணவனின் தங்கை எட்டிப் பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமில்லை.

"அண்ணி, மிச்சம் இருநூத்தி அஞ்சும் நல்லா ஓடுதா?"

"ஓடாமலா? ஓடலைன்னா தூக்கிட்டு வந்திருக்க மாட்டாங்களா?"

"எனக்குப் பிடிக்காத பியூட்டி பார்லருக்கு நான் சண்டை போடவா திரும்பிப் போறேன்? வேற கடைக்குப் போயிடுறேன்."

பாவி, சரியான நேரம் பார்த்துச் சொன்னாள்! மெஷின் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். திரும்பி வராததையெல்லாம் வெற்றி என்று வருஷா வருஷம் எழுதி வந்திருக்கிறாளே, ஒருவரையாவது கேட்டாளா?

மணி பதினொன்று. வாடிக்கையாளர் நோட்டை எடுத்து, திரும்பி வராதவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்று குறித்தாள். தெரிந்தவர்களாகப் பொறுக்கினால் நல்லதாகவே சொல்வார்கள் அல்லவா? இருபத்தொன்பது எண்கள் வந்தன. எடுத்தவர்கள் இருபத்தொரு பேர். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் எடுக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தாள். அதற்காக வெட்கப்பட்டாள்.

பதிமூன்று பேர் நன்றாக ஓடுவதாகச் சொன்னார்கள். மீதி எட்டுப் பேர் தயங்கினார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரெண்டே நாள்ல மறுபடி அடியில நூல் சிக்க ஆரம்பிச்சிடுச்சு. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு வேற ஆள்கிட்ட குடுத்தேன்."

"என்ன நூல் போடுறீங்க?"

"சந்தையில விக்கிற மலிவு நூல்தான்."

எட்டில் ஆறு பேருக்கு இதே கதை. மெஷின் அக்காவுக்குப் பொறி தட்டியது. அவள் கடையில் உயர்ந்த ரக நூலும் வெள்ளைப் பருத்தித் துணியும் வைத்துத்தான் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வாள். வீட்டில் அவர்கள் போடுவது பிசிறு நூல், வழுக்கும் துணி. கடையில் சமர்த்தாகத் தைத்த மெஷின் வீட்டுக்குப் போய் மக்கர் பண்ணாமல் என்ன செய்யும்?

மணி நாலேகால். தடித்த வரியை அப்படியே விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மேடத்துக்கும் தெரியாது. அழித்தால் வேலை போகும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணி, நான் வாயத் திறந்திருக்கவே கூடாது," என்றாள் நாத்தனார்.

"போடி, இப்ப சொல்லி என்ன!"

அழித்தாள். எழுதினாள்: 'பார்த்தது 214. திரும்பி வராதவர்களில் 21 பேரிடம் இன்றுதான் கேட்டேன். எட்டுப் பேருக்குச் சரியாகவில்லை. இதுவரை நான் எழுதிய வெற்றிக் கணக்கை நம்பாதீர்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டே திட்டம். மெஷினோடு உங்கள் நூலையும் துணியையும் கொண்டு வாருங்கள், அதில்தான் தைத்துப் பார்ப்பேன். மெஷினை எடுத்துப்போன பதினைந்தாம் நாள் நானே போன் செய்வேன். வாரம் ஒரு வீடியோ கிடையாது. மாதம் ஒன்று போட்டால் பெரிய விஷயம்.'

நாலு ஐம்பத்தாறுக்குப் பதிவைப் போட்டாள். உடனே ஒருவர், "இத்தனை வருஷம் ஏமாத்தினீங்களா?" என்று எழுதினார். போனைக் கவிழ்த்து வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி கவிழ்த்தாள்.

ஐந்தரைக்கு மையத்து மேடமே கூப்பிட்டார்.

"படிச்சேன். எங்க மெஷின் ஒண்ணும் உங்க இருநூத்திப் பதினாலுல இருக்கு, உங்களுக்குத் தெரியாது. வேற பேர்ல குடுத்தோம்."

"மேடம்... ஓடுதா?"

"இல்ல. அடியில நூல் சிக்குது. எல்லாரும் வெற்றிதான்னு எழுதுவாங்க, நீங்க என்ன எழுதுறீங்கன்னு பாக்கலாம்னு இருந்தோம். திங்கக்கிழமை வாங்க. முதல் வகுப்புல அந்த மெஷினத்தான் பொண்ணுங்க முன்னாடி பிரிச்சு, எந்த இடத்துல தப்பு பண்ணீங்கன்னு காட்டணும்."

"உங்க நூலையே எடுத்து வைங்க மேடம்" என்றாள் மெஷின் அக்கா.