பதினொரு மணிக்கு வைத்த டிக்

மூக்கண்டப்பள்ளி முதியோர் இல்லத்துக்கு வஜிஹா பொறுப்பாளராகி ஆறு வருஷம் ஆகிறது. கணவர் இறந்தபின் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டு, நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து வந்தவள். அங்கே இருக்கும் இருபத்தெட்டு பேரின் மாத்திரை நேரமும் அவளுக்கு மனப்பாடம்.

அன்று பன்னிரண்டே முக்கால் மணிச் சாப்பாட்டுக்கு ராமப்பன் வரவில்லை. மறதி நோய்க்காரர், டூட்டிக்கு நேரமாச்சு என்று அடிக்கடி ஷூவைத் தேடுவார். கட்டிலில் போர்வை மட்டும் சுருண்டு கிடந்தது. கழிவறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் வஜிஹா தூக்கிப் பார்த்தாள்.

கேமரா பதிவில் இருந்தார். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குத் தண்ணீர் கேன் வண்டிக்காகக் கேட் திறந்தது. காவலாளி முனிவேல் கேன் இறக்கக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ராமப்பன் ஷூ போட்டுக்கொண்டு வண்டியை ஒட்டியே வெளியே நடந்தார். ஆனால் பதிவேட்டில், பதினொரு மணிக் கணக்கெடுப்பில், அவர் பெயருக்கு நேராக டிக் இருந்தது. வைத்தவள் வஜிஹா. வாசலில் நின்று போர்வையைப் பார்த்துவிட்டு, ஆள் தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

ஒன்று பத்துக்கு மகன் ஆனந்தராஜுக்குச் சொன்னாள். பிறகு போட்டோவோடு போலீசில் புகார் கொடுத்தாள். மூன்று மணிக்குத் தகவல் வந்தது. ராயக்கோட்டை பஸ் கண்டக்டர் ஒருவர் போட்டோவைப் பார்த்து, பெரியவரைச் சானமாவு காட்டோரத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். அங்கே காலையிலிருந்தே யானைக் கூட்டம் சாலையோரம் நிற்பதாக வனத்துறை எச்சரித்திருந்தது.

வஜிஹாவும் ஆனந்தராஜும் போனபோது வனக் காவலர்கள் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே எங்கோ கிளை முறியும் சத்தம். நின்றது, மறுபடி கேட்டது. இன்னும் பக்கத்தில்.

ஐந்து மணிக்கு ராமப்பனைத் தூக்கி வந்தார்கள். ஒரு காலில் ஷூ இல்லை, பாதம் கிழிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. மகனைப் பார்த்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். உரிமையாளர் சென்னகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேட் பூட்டு ரிப்பேர்னு போட்டுருங்கம்மா. டிக் விஷயம் வேண்டாம்."

"பதினொரு மணிக்கு மேல ஒண்ணே முக்கால் மணி நேரம் யாருமே அவரைத் தேடல சார். அதுக்குக் காரணமே அந்த டிக்தான்."

இருந்தபடியே எழுதினாள். ஒரு பிரதி ஆனந்தராஜுக்கு, ஒன்று மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு. ஆஸ்பத்திரியில் அதைப் படித்த ஆனந்தராஜ், அப்பாவை இனி அங்கே அனுப்பப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி கேட்டைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கடைசியாகப் பதிவேட்டைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டினார். எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி டிக்.

"இதுல எத்தனை பேரை நேர்ல பார்த்துட்டு வச்சீங்க?"

தெரியாது என்று வஜிஹா சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார்.