அவர் எழுதிய ஆறு வரி மெயில்

தஞ்சாவூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் போனவைதான். எனக்குத் தெரியாத டிசைன் இல்லை என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அந்த வருஷம் பூதலூர்ப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கரில் தூயமல்லி நெல் போட்டிருந்தோம். அறுத்து, அரிசியாக்கி, கூடத்தில் மூட்டை அடுக்கியாகிவிட்டது. என் கணவருக்குக் கத்தார் வேலை விசாவும் வந்து காத்திருந்தது. "சித்திரைக்குள்ள ரெண்டு கடையாவது மாசாமாசம் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டா நான் போகல" என்றார். மகளுக்கு அப்போது நான்கு வயது. அப்பா மடியில் உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சென்னை, கோவையில் இயற்கை அரிசிக் கடைகள் முப்பதின் முகவரியைத் தேடி எடுத்தோம். முதல் மெயிலை அவரே போனில் எழுதிக் காட்டினார். மொத்தம் ஆறு வரி. வணக்கம். உங்கள் கடையில் தூயமல்லி விற்பதைப் பார்த்தோம். எங்கள் வயலில் அதுதான் விளைகிறது. ஐந்து கிலோ மாதிரிக்கு அனுப்பட்டுமா? நான் ஊரில்தான் இருக்கிறேன், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். கீழே பெயரும் போன் நம்பரும்.

நான் சிரித்தேன். "லீவ் லெட்டர் மாதிரி இருக்குங்க. இதப் பாத்து யாரு அரிசி வாங்குவா?"

மூன்று நாள் உட்கார்ந்து நான் ஒன்று செய்தேன். மேலே பச்சை வயல், நடுவில் இரண்டு பத்தி, ஓரத்தில் அரிசிப் படம், அடியில் நாங்கள் மூவரும் நிற்கும் படம். போன் நம்பர் உட்பட எல்லா எழுத்தும் அந்த ஒரே படத்துக்குள். கடைக் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் பார்த்தபோது கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

அவர் தன் போனில் திறந்து பார்த்தார். "பெருசு பண்ணாதான் படிக்க முடியுது. கடைக்காரங்களும் போன்லதானே பாப்பாங்க?"

"உங்க போன் பழசு. டிசைனப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றேன். முப்பது கடைக்கும் என் படம் போயிற்று.

ஒரு பதிலும் வரவில்லை. பங்குனி போய்ச் சித்திரையும் முடிந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டார். தன் சிம்மை என்னிடம் கொடுத்தார், கடைக்காரர் யாராவது கூப்பிட்டால் எடுக்கச் சொல்லி.

திருச்சியில் அவரை விமானம் ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, மகள் மடியில் தூங்கியபின், அந்த மெயிலை முதல் தடவையாக என் போனில் திறந்தேன். பட்டியலில் மற்ற மெயில்களுக்கு முதல் வரி தெரிந்தது. என்னுடையதற்குத் தலைப்பு மட்டும். உள்ளே போனால் காலிக் கட்டம். சிக்னல் கிடைத்துப் படம் வந்தபோது இரண்டு பத்தியும் கைப்பேசி அகலத்துக்குள் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பாகக் கிடந்தது. விரலால் பெருக்கினால் பாதி வாக்கியம் திரைக்கு வெளியே போனது. நம்பரைத் தொட்டேன். படத்திலிருக்கும் நம்பருக்கு அழைப்பு எப்படிப் போகும்? வெட்கமாக இருந்தது. அப்புறம் அழுதேன்.

மறுநாள் அவர் எழுதிய ஆறு வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஐந்து கடைக்கு அனுப்பினேன். என் போனில் அது திரை அகலத்துக்குத் தானே மடங்கி, தள்ளாமல் இழுக்காமல் படிக்கக் கிடைத்தது.

மதியமே அவருடைய சிம்முக்கு அழைப்பு வந்தது. சென்னைக் கடைக்காரர் ஒருவர்.

"சார் இருக்காருங்களா? லோடு இறக்கிக்கிட்டே மெயிலப் படிச்சேன், நம்பரத் தொட்டேன், வந்துடுச்சு. அரிசி அனுப்புங்க. நல்லா இருந்தா மாசாமாசம் எடுத்துக்கறேன்."

இதற்கு முன்னால் நாங்கள் அனுப்பிய மெயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஏதோ படமா ஒண்ணு வந்துச்சும்மா. விளம்பரம்னு தள்ளிட்டேன். வயல் படம் எல்லாம் இப்ப அனுப்புங்க, கடையில ஒட்டறேன். சார்கிட்ட குடுங்களேன், ஊர்லதான் இருக்கேன்னு போட்டிருக்காரே."

வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் கத்தாரிலிருந்து பேசினார். ஒரு கடை கிடைத்துவிட்டது என்றேன். "எந்த மெயிலுக்கு?" என்றார்.

"உங்களுதுக்குத்தான்."

"சரி, பாப்பா சாப்டுச்சா?" என்றார். சாப்பிட்டாள் என்று பொய் சொன்னேன்.

இன்னும் இருபத்தைந்து கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் 'நான் ஊரில்தான் இருக்கிறேன்' என்ற வரியை மட்டும் அழித்து அனுப்பினேன்.